டி.சி. கேட்காதே, போனஃபைடு கேள்



"டி.சி.யை வாங்கிட்டுப் போ."

நம் பிள்ளைகள் கல்லூரியில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். கட்டணம் பாக்கி என்றாலும் இதே வசனம், வருகைப்பதிவு குறைந்தாலும் இதே வசனம். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டாலும் துறைத்தலைவர் இதைத்தான் சொல்கிறார். சொல்பவருக்கு ஒரு நொடி வேலை. கேட்ட பிள்ளையோ அன்று மாலையே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆபீஸில் யாரோ சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்கொண்டு படிப்பைத் தொடர இயலாததால் எனது மாற்றுச் சான்றிதழைத் தந்து உதவுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்."

நாங்கள் பல ஊர்களில் பல பிள்ளைகளின் கோப்புகளைப் பார்த்திருக்கிறோம். துரத்தப்பட்டவர் எவரும் தன் கோப்பில் துரத்தப்பட்டதாக இருப்பதில்லை. எல்லாருமே குடும்பச் சூழ்நிலையால் தாமாகவே போனவர்கள். கல்லூரி எந்த உத்தரவும் போடவில்லை, எந்த விசாரணையும் நடத்தவில்லை. பிள்ளையின் கையெழுத்தே பிள்ளையை வெளியே தள்ளிவிட்டது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. போனஃபைடு சான்றிதழ் கேட்டும் டி.சி. கேட்டும் கல்லூரி ஆபீஸுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் "காரணம்" அல்லது "நோக்கம்" என்று ஒரு வரி வரும். நம்மைக் காப்பதும் நம்மைக் கவிழ்ப்பதும் அந்த ஒரு வரிதான் என்கிறோம்.

இரண்டு தாள்கள், இரண்டு வேலைகள்

போனஃபைடு என்பது ஓர் உண்மையின் சாட்சி. இன்னார், இன்ன பதிவெண், இந்தக் கல்லூரியில் இந்தக் கல்வியாண்டில் இந்த வகுப்பில் படிக்கிறார் என்று கல்லூரி எழுதித் தரும் தாள். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். விடுதிக்கு ஒன்று, வங்கிக் கடனுக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, பஸ் பாஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் "இந்த நோக்கத்துக்காக வழங்கப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பெயர் வருகைப்பதிவேட்டில் இருக்கும்வரை கல்லூரியால் இதை மறுக்க நியாயமே இல்லை. நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்பது யாரும் உங்களுக்குப் போடும் பிச்சை கிடையாது, அது நடந்துகொண்டிருக்கும் உண்மை.

டி.சி. வேறு ரகம். மூலச் சான்றிதழ் ஒரே ஒரு முறைதான் வரும். அது வந்துவிட்டால் உங்கள் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டது என்று அர்த்தம். பெயர் நீங்கினால் உதவித்தொகை நிற்கும், விடுதி இடம் போகும், தேர்வு எழுதும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். தொலைத்துவிட்டால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, நகலுக்காக அலைய வேண்டும். ஆகவே படிப்பு முடிந்தபிறகோ, வேறு கல்லூரியில் இடம் உறுதியானபிறகோ மட்டும்தான் டி.சி. கேட்க வேண்டும். கோபத்தில் கேட்கக் கூடாது. எவரோ கேட்கச் சொன்னார் என்பதற்காகவும் கேட்கக் கூடாது.

நம் ஊர்களில் வழங்கும் டி.சி.யை ஒருமுறை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். கல்லூரியை விட்டு நீங்கிய காரணம் என்று ஒரு கலம் இருக்கும். கட்டணங்களைச் செலுத்திவிட்டாரா என்று ஒரு கலம், நடத்தை எப்படி என்று ஒரு கலம், கடைசியாக வகுப்புக்கு வந்த நாள் என்று ஒரு கலம். பல படிவங்களில் மாற்றுச் சான்றிதழ் கோரி விண்ணப்பித்த நாள் என்றும் ஒரு கலம் உண்டு. இந்தக் கலங்களை ஆபீஸ் எதை வைத்து நிரப்பும்? நீங்கள் கொடுத்த கடிதத்தை வைத்துத்தான். நீங்கள் எழுதிய காரணம் அங்கே போய் உட்காரும். நீங்கள் போட்ட தேதி அங்கே போய் உட்காரும். அடுத்த கல்லூரி முதல் வேலை தருபவர் வரை எல்லாரும் வாசிக்கப்போவது அதைத்தான்.

ஒரு தம்பியின் கதை

வட மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்த தம்பி ஒருவர். ஆசிரியர் ஒருவர் வகுப்பில், "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். இது எத்தனை வகுப்பறைகளில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தம்பி எழுந்திருக்கவில்லை. "பேர் லிஸ்ட் ஆபீஸ்ல இருக்குமே சார், எதுக்கு நிக்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்று மதியமே ஆபீஸுக்கு அனுப்பப்பட்டார். "உன்னை மாதிரி ஆளுக்கு இங்க இடமில்ல, டி.சி.யை வாங்கிட்டுப் போ" என்றார்கள். எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரியையும் கையில் கொடுத்தார்கள். அதே "குடும்பச் சூழ்நிலை."

தம்பி எழுதிக் கொடுக்காமல் எங்களுக்குப் போன் செய்தார். அப்போது அவருடைய கேள்வி, "அண்ணே, நான் இப்ப அந்தக் காலேஜ்ல படிக்கிறேனா இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. அதை எழுத்தில் சொல்ல வைக்கும் வழிதான் போனஃபைடு. அவருக்கு அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், அந்த ஆண்டுக்கான இடத்தைப் புதுப்பிக்கக் கல்லூரியில் படிக்கும் சான்று தேவைப்பட்டது. உண்மையான தேவை, உண்மையான நோக்கம். அன்றிரவே மின்னஞ்சல் போனது. வகுப்பில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்தது:

> பொருள்: போனஃபைடு சான்றிதழ் கோருதல் – பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு – பதிவெண் (…)
>
> மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் நமது கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, முதல் சுழற்சியில் படித்து வருகிறேன். என் விவரங்கள்:
>
> பெயர் (கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி): (…)
> தந்தை பெயர்: (…)
> பிறந்த தேதி: (…)
> சேர்க்கை எண்: (…)
> பல்கலைக்கழகப் பதிவெண்: (…)
> சேர்ந்த கல்வியாண்டு: (…)
>
> அரசு மாணவர் விடுதியில் நடப்புக் கல்வியாண்டுக்கான இடத்தைப் புதுப்பிக்க, நான் இக்கல்லூரியில் படித்து வருவதற்கான போனஃபைடு சான்றிதழ் தேவைப்படுகிறது. சான்றிதழை "விடுதிக் காப்பாளர்" என்று முகவரியிட்டு, படிக்கும் வகுப்பு, கல்வியாண்டு, படிப்பு முடியும் ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பிரதி வழங்கக் கோருகிறேன். விடுதியில் சமர்ப்பிக்கக் கடைசி நாள் (…).
>
> அடையாள அட்டையின் நகலை இணைத்துள்ளேன். சான்றிதழுக்குக் கட்டணம் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும். என்று நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்பதையும், வழங்க இயலாது எனில் அதற்கான காரணத்தையும் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாகத் தெரிவிக்கவும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், வகுப்பு, பதிவெண், கைபேசி எண்)

கல்லூரியின் அதிகாரப்பூர்வ முகவரிக்குப் போனது. `Cc` என்ற இடத்தில் துறைத்தலைவரின் முகவரியும், விடுதிக் காப்பாளரின் முகவரியும் இருந்தன.

இரண்டு நாள் அமைதி. மூன்றாவது வேலைநாள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "எதுக்குப்பா மெயில் எல்லாம் போடுற, நேர்ல வந்து கேக்க மாட்டியா?" தம்பி சண்டை போடவில்லை. "வர்றேன் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி எழுதினார்: "இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தபடி, நாளை காலை 11 மணிக்குச் சான்றிதழைப் பெற நேரில் வருகிறேன். நன்றி." வாய்ப்பேச்சு எழுத்துக்குள் வந்துவிட்டது.

மறுநாள் போனஃபைடு கைக்கு வந்தது. முதல்வர் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. "நடப்புக் கல்வியாண்டில் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறார்" என்று இருந்தது. அதற்கப்புறம் அவரை வகுப்புக்குள் விடமாட்டோம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. விடமாட்டோம் என்றால் உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு விசாரணை வேண்டும், விசாரணை என்றால் வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன கதையும் வெளியே வரும். தம்பி வகுப்புக்குப் போனார். ஆசிரியர் மீதான புகாரைத் தனியாக, தனித் தாளில் கொடுத்தார். அதில் நடவடிக்கை ஏதும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் புகார் கொடுக்கும்போது அவர் அந்தக் கல்லூரியின் மாணவராக இருந்தார். டி.சி. வாங்கியிருந்தால் முன்னாள் மாணவராகத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியும் எதற்கு?

பொருள் வரியிலேயே பதிவெண் ஏன்? கல்லூரி ஆபீஸ் இன்பாக்ஸில் "ரிக்வெஸ்ட்" என்ற தலைப்பில் நூறு மின்னஞ்சல்கள் கிடக்கும். பிறகு "உன் மெயில் வரவே இல்லையே" என்று சொல்வது சுலபம். பதிவெண்ணோடு தேடினால் ஒரே நொடியில் வந்து நிற்கும்.

பெயர் ஏன் பதிவேட்டில் உள்ளபடி? இன்ஷியல் முன்னால் ஒரு சான்றிதழில், பின்னால் இன்னொன்றில் என்று நம் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். "இந்தப் பேர்ல யாரும் இல்ல" என்று திருப்பி அனுப்ப அது ஒரு சாக்கு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, கல்லூரிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளில் எழுதுங்கள். சேர்க்கை எண் கல்லூரியின் பதிவேட்டுக்கு, பதிவெண் பல்கலைக்கழகத்துக்கு. இரண்டும் வேறு. இரண்டையும் எழுதுங்கள்.

நோக்கத்தை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வேண்டும்? வெறுமனே "பர்சனல் யூஸ்" என்று எழுதினால் ஆபீஸ் தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் அடித்துக் கொடுக்கும். கல்விக்கடனுக்கு வங்கி கேட்பது ஆண்டுவாரியான கட்டண விவரத்தோடு கூடிய போனஃபைடு. விடுதி கேட்பது நடப்பு ஆண்டு. தவறான போனஃபைடுடன் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி கேட்பதற்குள் கடைசி நாள் போய்விடும். யாருக்கு முகவரியிட வேண்டும், எந்தெந்த விவரம் வேண்டும், கடைசி நாள் எது என்று மூன்றையும் சொல்லிவிட்டால் தப்ப இடமில்லை.

இன்னொன்று முக்கியம். நோக்கத்துக்குத் தேவையில்லாத எதையும் இணைக்காதீர்கள். விடுதி போனஃபைடுக்குச் சாதிச் சான்றிதழ் கல்லூரிக்கு எதற்கு? அது விடுதிக் காப்பாளருக்குக் கொடுக்க வேண்டியது. ஆதார் நகல் எதற்கு? அடையாள அட்டை போதும். ஆபீஸ் கணினியை யார் யாரோ திறப்பார்கள். உங்கள் சாதிச் சான்றிதழை அந்தத் திரையில் ஏன் கிடக்க விட வேண்டும்? கேட்டால், எந்த விதிப்படி என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"தாழ்மையுடன்", "கீழ்ப்படிதலுள்ள", "தயவுகூர்ந்து" எல்லாம் எங்கே போயின என்று கேட்பீர்கள். எடுத்துவிட்டோம். மரியாதைக்கு "மதிப்பிற்குரிய" போதும், "வணக்கம்" போதும். நம்மைத் தாழ்ந்தவர் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு முடிப்போம். கூடவே இதையும் சொல்கிறோம்: திட்டியும் எழுதாதீர்கள். போனஃபைடு கேட்கும் கடிதத்தில் புகாரைக் கலந்தால், ஆபீஸ் புகாரைக் காரணம் காட்டிச் சான்றிதழைக் கிடப்பில் போடும். இரண்டு வேலைக்கு இரண்டு கடிதம்.

தமிழில் எழுதலாமா என்ற தயக்கமே வேண்டாம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். மின்னஞ்சலுக்கு மதிப்பு உண்டா என்ற தயக்கமும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 4 மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு தருகிறது. அனுப்பியதை `Sent` பகுதியிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் பிறகு நிரூபிக்கக் கஷ்டப்படுவீர்கள்.

டி.சி. கேட்டே ஆக வேண்டும் என்றால்

படிப்பு முடிந்துவிட்டது, அல்லது வேறு இடம் கிடைத்துவிட்டது. அப்போது டி.சி. கேட்கத்தான் வேண்டும். மேலே சொன்ன விவரங்களோடு இன்னும் மூன்று சேரும்: எந்தக் கல்வியாண்டு முதல் எது வரை படித்தீர்கள், கடைசியாக வகுப்புக்கு அல்லது தேர்வுக்கு வந்த நாள், நீங்கும் காரணம்.

படிப்பு முடிந்திருந்தால், "பட்டப்படிப்பை நிறைவு செய்ததால்" என்று எழுதுங்கள். மேற்படிப்புக்கு என்றால், எந்தப் படிப்பில் எந்த நாளுக்குள் சேர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கல்லூரி உங்களை இருக்கவிடாமல் செய்ததால் வேறு வழியின்றிப் போகிறீர்கள் என்றால், பொய்யான காரணம் எழுதாதீர்கள். "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதும் கை, பிறகு ஆணையத்தின் முன்னால் நின்று "துரத்தினார்கள்" என்று சொன்னால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்தக் கடிதத்தைத்தான். "எனது (இந்தத் தேதியிட்ட) புகார் நிலுவையில் உள்ள நிலையில், வேறு கல்லூரியில் படிப்பைத் தொடர்வதற்காக" என்று எழுதலாம். அது உண்மை. டி.சி.யில் அவர்கள் வேறு எதை வேண்டுமானாலும் போடட்டும், உங்கள் கடிதம் உங்கள் கையில் இருக்கும்.

தேதியை மறக்காதீர்கள். மூன்று மாதம் வாயால் கேட்டுவிட்டு நான்காம் மாதம் எழுதிக் கொடுத்தால், நான்காம் மாதம்தான் கேட்டதாகப் பதிவாகும். முதல் நாளே மின்னஞ்சல் போட்டிருந்தால் அந்த மூன்று மாதமும் கல்லூரியின் கணக்கில் ஏறும்.

"பாக்கி கட்டு, அப்புறம் பார்க்கலாம்"

இங்கேதான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரியது. 2021இல் வந்த திருத்தப்பட்ட விதிகளின்படி செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. மாநிலம் தன் பங்கைக் கொடுத்தபிறகு ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். இந்தச் சங்கிலியில் எங்கே தாமதம் ஆனாலும், அரசு கல்லூரிக்குச் சேர வைக்க வேண்டிய பணம் பிள்ளையின் பெயரில் பாக்கியாக ஏறுகிறது. அரசின் தாமதத்துக்குப் பிள்ளையின் சான்றிதழை அடகு பிடிக்கிறார்கள்.

நியாயமாகவே பேசுவோம். பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது என்றால் கல்லூரிக்கு உரிய பங்கைக் கட்டிவிடுங்கள். நூலகப் புத்தகம் பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு நோ டியூஸ் வாங்குங்கள். அதில் தகராறுக்கு இடமில்லை. வராத பணத்துக்குத்தான் தகராறு. அதையும் மின்னஞ்சலில் ஒரு வரியாக எழுதுங்கள்: "எனது கட்டணம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் கீழ் வர வேண்டியது, விண்ணப்பம் (இந்த எண்) நிலுவையில் உள்ளது, இதுவரை என் கணக்கில் தொகை வரவில்லை." வங்கிக் கணக்கு அறிக்கையை இணையுங்கள். "பாக்கி வைத்த மாணவன்" என்ற கதை அங்கேயே உடையும்.

போனஃபைடைப் பொறுத்தவரை பாக்கி என்ற பேச்சுக்கே வேலை இல்லை. பணம் கட்டாததால் நீங்கள் அங்கே படிக்கும் உண்மை பொய்யாகிவிடாது. சேர்க்கையின்போது நீங்கள் கொடுத்த மதிப்பெண் சான்றிதழ் போன்ற மூலங்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாக இருக்கிறது: கல்லூரி அவற்றைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், சுயசான்றொப்பமிட்ட நகலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். "ஒரிஜினல் எல்லாம் ஆபீஸ் பீரோவுலதான் இருக்கும், அதான் வழக்கம்" என்பது வழக்கம் மட்டுமே, விதி கிடையாது.

பதில் வரவில்லை என்றால்

ஒரு வாரம் காத்திருங்கள். பிறகு அதே தொடரில், முதல் மின்னஞ்சலின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல். புதிய மின்னஞ்சல் தொடங்காதீர்கள், தொடர் அறுந்துவிடும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டு கதவுகள். முதலாவது, மாணவர் குறைதீர்ப்புக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். புகார் வந்த 15 வேலைநாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். உதவித்தொகைத் தாமதமும் சாதிப் பாகுபாடும் அங்கே கொண்டுபோகக் கூடிய குறைகள்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம் 2005. அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கே பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதலாம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: (இந்தத் தேதியில்) நான் அனுப்பிய விண்ணப்பத்தின்மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, அது இப்போது எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது, அவர் பெயரும் பதவியும் என்ன? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வாங்குவது கடினம். யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். தன் பெயரை எழுதித் தர வேண்டிய நிலை வந்தாலே பல கோப்புகள் நகர்ந்துவிடும்.

சுயநிதிக் கல்லூரிக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பாயாது. ஆனால் அந்தக் கல்லூரியை இணைத்துள்ள பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் பாயும். தனியார் அமைப்பிடமிருந்து அரசு அலுவலகம் சட்டப்படி பெறக்கூடிய தகவலும் பிரிவு 2(எஃப்)இன்படி தகவல்தான். அவர்கள் வழியாகக் கேளுங்கள். எல்லா இடத்திலும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எழுத்தில் கேட்டீர்களா?" அதற்கான விடைதான் அந்த முதல் மின்னஞ்சல்.

இதெல்லாம் குமாஸ்தா வேலையா?

நம் தோழர்களிலேயே சிலர், "போராட்டம் நடத்த வேண்டிய இடத்தில் மெயில் அனுப்பச் சொல்கிறீர்களே" என்கிறார்கள். கல்லூரி வாசலில் நின்று முழக்கம் போட நாங்களும் வருவோம், வந்திருக்கிறோம். ஆனால் முழக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு, உள்ளே பீரோவில் "குடும்பச் சூழ்நிலை" என்ற கடிதம் இருந்தால், அந்தப் போராட்டம் எதைக் காப்பாற்றியது?

நீங்கள் வாங்கும் உதவித்தொகையின் வரலாற்றைப் பாருங்கள். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை வரிசைப்படுத்தி லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். கல்விக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது, நமக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கோடு கேட்டார். 1944 முதல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்கல்வி உதவித்தொகை அரசுத் திட்டமாக நடந்து வருகிறது. அதற்குப் பின்னால் அந்த மனு நிற்கிறது. யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று எழுதிக் கேட்ட மனு அது. அதைக் குமாஸ்தா வேலை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே தம்பி, தங்கைகளே, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேர்க்கை எண், பதிவெண், பதிவேட்டில் உள்ள பெயர், கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரி நான்கையும் இன்றைக்கே போனில் ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் உங்கள் அறையில் இருக்கும் முதலாமாண்டுப் பிள்ளையையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாராவது "டி.சி.யை வாங்கிட்டுப் போ" என்றால் பதில் பேசாமல் வெளியே வாருங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றிரவு உட்கார்ந்து, உங்களுக்கு உண்மையாகத் தேவைப்படும் ஒரு நோக்கத்தைக் குறிப்பிட்டு, போனஃபைடு கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் அங்கே படிக்கிறீர்கள். அதை அவர்களே எழுதித் தரட்டும்.

ஜெய்பீம்.